டொமைன் ஓரிடம், இணையதளம் வேறிடம்: இரண்டையும் இணைப்பது எப்படி?

டொமைனை ஒரு நிறுவனத்தில் வாங்கிவிட்டீர்கள். இணையதளத்தை வேறொரு நிறுவனத்தின் வெப்சைட் பில்டரில் கட்டி முடித்துவிட்டீர்கள். இப்போது அந்தப் பெயரைத் தட்டினால் உங்கள் தளம் திறக்க வேண்டும். இதற்காக டொமைனை பில்டர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை. டொமைன் வாங்கிய இடத்திலேயே இருக்கட்டும். அந்தப் பெயர் எந்தக் கணினியைச் சுட்டுகிறது என்பதை மட்டும் மாற்றினால் போதும். பில்டரின் திரையில் Transfer, Connect என்று இரண்டு பொத்தான்கள் இருந்தால் உங்களுக்கு வேண்டியது Connect. புதிதாகப் பதிந்த டொமைனை முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. ஆனால் இணைப்பதற்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இணைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் பெயரைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லும் நேம்சர்வரையே பில்டருக்கு மாற்றுவது. மற்றொன்று, நேம்சர்வரைத் தொடாமல், அதில் உள்ள இரண்டு மூன்று பதிவுகளை மட்டும் திருத்துவது. அந்தப் பெயரில் மின்னஞ்சல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது வழியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஓவிய வகுப்பு நடத்தும் என் தோழி ஒருத்திக்கு இரண்டு ஆண்டுகளாகச் சொந்த டொமைன் இருந்தது. அதில் தளம் எதுவும் இல்லை. மின்னஞ்சல் மட்டும் வேறொரு சேவை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பில்டரில் தளம் ஒன்றைக் கட்டினாள். நேம்சர்வரை மாற்றச் சொல்லித் திரையில் வந்தது, அப்படியே மாற்றிவிட்டாள். தளம் அழகாகத் திறந்தது. மறுநாள் சிலருடைய அஞ்சல் வந்தது, சிலருடையது வரவில்லை. அதற்கடுத்த நாள் எதுவுமே வரவில்லை. சேர்க்கைக்கு எழுதிய பெற்றோர்கள் தங்கள் அஞ்சல் திரும்பி வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

நேம்சர்வர் என்பது ஒரு பெயரைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லும் இடம். தளம் எங்கே என்று கேட்டாலும் அதுதான் சொல்லும். அஞ்சலை எங்கே தருவது என்று கேட்டாலும் அதுதான் சொல்லும். பழைய நேம்சர்வரில் அஞ்சலுக்கான பதிவு இருந்தது. புதியதில் யாரும் அதை எழுதவில்லை. ஆகவே அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. பழைய விடையை நினைவில் வைத்திருந்த அஞ்சல் சேவைகள் மட்டும் ஒரு நாள் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தன. அந்த நினைவு காலாவதியானதும் அதுவும் நின்றது. நேம்சர்வரைப் பழையபடி மாற்றிவிட்டு, பதிவுகளைத் திருத்தும் வழியில் அதே தளத்தை இணைத்தோம். அன்று செய்ததைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன். டொமைனின் பெயராக `example.com` என்பதையும், மாதிரிக்கென ஒதுக்கப்பட்ட எண்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். உங்கள் எண்களை உங்கள் பில்டரின் திரையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் படி: எங்கே திருத்த வேண்டும் என்று அறிவது

டொமைன் வாங்கிய இடத்தில்தான் பதிவுகளும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் முன்பு யாராவது நேம்சர்வரை மூன்றாவது ஒரு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால், வாங்கிய இடத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் அல்லது டெர்மினலைத் திறந்து இப்படிக் கேளுங்கள்:

```
nslookup -type=ns example.com
```

விடையில் வரும் பெயர்கள் எந்த நிறுவனத்துடையவையோ, அங்கேதான் நீங்கள் உள்நுழைய வேண்டும். அந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மிகவும் உதவும்.

இரண்டாம் படி: இருப்பதைப் படமெடுத்து வைப்பது

அந்த நிறுவனத்தின் கணக்கில் DNS, DNS Management, Zone Editor என்பன போன்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து எதையும் தொடுவதற்கு முன் முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். திரும்பி வருவதற்கான வழி அது ஒன்றுதான். தோழியின் பக்கத்தில் ஏறத்தாழ இப்படி இருந்தது:

```
A      @    203.0.113.5              3600
AAAA   @    2001:db8::5              3600
CNAME  www  example.com              3600
MX     @    10 mail.example.net      3600
TXT    @    "v=spf1 include:mail.example.net ~all"
```

`@` என்றால் முன்னால் எதுவும் இல்லாத வெறும் பெயர், அதாவது `example.com`. `A` அந்தப் பெயருக்கான கணினியின் எண்ணைச் சொல்கிறது. `AAAA` அதே வேலையைப் புதிய வகை நீள முகவரியில் செய்கிறது. `CNAME` என்பது "இந்தப் பெயருக்கு விடை வேண்டுமானால் அந்தப் பெயரைக் கேள்" என்று கை காட்டுவது. `MX` அஞ்சலுக்கானது. கடைசி வரியில் உள்ள `TXT`, இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்கிறது. இவற்றில் முதல் மூன்று வரிகள் மட்டுமே நம்முடைய வேலை. கடைசி இரண்டின் பக்கம் கையே போகக் கூடாது.

வரிகளின் ஓரத்தில் உள்ள 3600 என்பது வினாடிக் கணக்கு. இந்த விடையை ஒரு மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குச் சொல்கிறது. TTL என்ற தலைப்பில் இருக்கும். மாற்றப் போகும் மூன்று வரிகளிலும் இதை முதலில் 300 ஆக்கிவிட்டு, பழைய ஒரு மணி நேரம் கழியும்வரை காத்திருங்கள். பிறகு எங்கேனும் தவறு செய்தாலும் ஐந்து நிமிடத்தில் திருத்தம் பரவிவிடும்.

மூன்றாம் படி: பில்டரிடம் பெயரைச் சொல்வது

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பதிவுகளையெல்லாம் சரியாக எழுதியிருப்பார்கள். ஆனாலும் "இந்த டொமைன் எந்தத் தளத்துடனும் இணைக்கப்படவில்லை" என்ற பக்கம் வரும். பில்டர் நிறுவனத்தின் ஒரே எண்ணில் ஆயிரக்கணக்கானவர்களின் தளங்கள் குடியிருக்கின்றன. பதிவின் வேலை, வருகிறவரை அந்தக் கணினியின் வாசல் வரை கொண்டுவந்து விடுவது மட்டும்தான். வந்தவருடைய பிரவுசர் "எனக்கு `example.com` வேண்டும்" என்று பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் யாருடைய தளம் என்று பில்டரின் பட்டியலில் இருந்தால்தான் உள்ளே அனுப்பும்.

ஆகவே பில்டரின் அமைப்புப் பகுதியில் Domains என்ற இடத்துக்குப் போய், வேறிடத்தில் வாங்கிய டொமைனை இணைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்துப் பெயரை உள்ளிடுங்கள். பல பில்டர்களில் கட்டணத் திட்டத்தில் இருந்தால்தான் இந்த வழி திறக்கும். நேம்சர்வர் முறையா, பதிவு முறையா என்று கேட்டால் பதிவு முறையைச் சொல்லுங்கள். அப்போது திரையில் சில மதிப்புகள் வரும். சிலர் ஒரே ஒரு `A` எண் தருவார்கள், சிலர் நான்கு தருவார்கள். ஸ்கொயர்ஸ்பேஸ் நான்கு தரும் வகை. நான்கு தந்தால் நான்கையும் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும். டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு `TXT` வரியையும் சில இடங்களில் கேட்பார்கள். அந்தத் திரையை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்த டேபில் பதிவுப் பக்கத்துக்கு வாருங்கள்.

நான்காம் படி: பழையதை நீக்குவது, புதியதை எழுதுவது

பழைய `A` வரியைத் திருத்தி பில்டரின் எண்ணை இடுங்கள். பழையதை விட்டுவிட்டு அதற்குக் கீழே புதியதைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் இருந்தால் வருகிறவர்களில் சிலருக்குப் பழைய பக்கமும் சிலருக்குப் புதிய தளமும் திறக்கும். சில சமயம் ஒருவருக்கே மாறி மாறித் திறக்கும்.

அதைவிட அதிகம் ஏமாற்றுவது `AAAA` வரி. பில்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். நீங்களும் விட்டுவிடுவீர்கள். உங்கள் வீட்டு இணைப்பில் தளம் சரியாகத் திறக்கும். ஆனால் செல்பேசி இணைப்பில் வருகிறவர்களுக்கு "இந்த டொமைன் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்ற பழைய பக்கமே தெரியும். புதிய வகை முகவரியைப் பயன்படுத்தும் இணைப்புகள் `AAAA` விடை இருந்தால் அதையே முதலில் நாடுவதுதான் காரணம். பில்டர் தனியாக `AAAA` மதிப்பு தந்திருந்தால் அதை இடுங்கள். தரவில்லையென்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

`www` வரியில், பழைய மதிப்புக்குப் பதிலாக பில்டர் தந்த பெயரை எழுதுங்கள். முடிவில் பக்கம் இப்படி இருக்க வேண்டும்:

```
A      @    192.0.2.10               300
CNAME  www  sites.builder.example    300
TXT    @    "builder-verify=7f3k2"   300
MX     @    10 mail.example.net      3600
TXT    @    "v=spf1 include:mail.example.net ~all"
```

ஒரே பெயரில் இரண்டு `TXT` வரிகள் இருப்பதில் தவறில்லை. புதியதை எழுதுவதற்காகப் பழையதை அழித்துவிடாதீர்கள்.

பெயர் என்ற கட்டத்தில் `www` என்று மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான பக்கங்கள் மீதிப் பெயரைத் தாமே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் `www.example.com` என்று முழுதாக எழுதினால் அது `www.example.com.example.com` என்று பதிந்துவிடும். திரையில் பார்க்கச் சரியாகவே தோன்றும், ஆனால் `www` என்ற பெயருக்கு விடை கிடைக்காது. அதேபோல் மதிப்பு என்ற கட்டத்தில் `https://` என்பதோ சாய்கோடோ வரக் கூடாது. அங்கே எழுதுவது ஒரு கணினியின் பெயர், பக்கத்தின் முகவரி அல்ல.

வெறும் பெயருக்கும் `CNAME` எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. `CNAME` எழுதினால் அந்தப் பெயரைப் பற்றிய எல்லா விடைகளும் வேறிடத்தில்தான் இருக்கின்றன என்று பொருள். அதே பெயரில் `MX` போன்ற வேறு வரி எதுவும் இருக்க முடியாது. வெறும் பெயரில் நேம்சர்வர் வரிகள் இருந்தே தீர வேண்டும், அஞ்சல் வரியும் இருக்கலாம் என்பதால் அங்கே `A` வரிதான் பொருந்தும். சில நிறுவனங்கள் `ALIAS` என்ற பெயரில் இதற்கு மாற்று ஒன்றைத் தருகின்றன. பில்டர் எண்ணே தராமல் பெயர் மட்டும் தந்தால் அது கைகொடுக்கும்.

பக்கத்தை விட்டு வருமுன் Forwarding என்ற பகுதியையும் பாருங்கள். டொமைன் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அது இயங்கிக்கொண்டிருக்கும் வரை, நீங்கள் எழுதிய `A` எண்ணின் இடத்தில் நிறுவனத்தின் எண்ணே வந்து நிற்கக்கூடும்.

ஐந்தாம் படி: காத்திருப்பதா, தேடுவதா?

இந்தக் கட்டத்தில் எல்லா உதவிப் பக்கங்களும் "48 மணி நேரம் வரை ஆகலாம்" என்று சொல்கின்றன. அதை நம்பித் தவறான பதிவோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 48 மணி நேரம் நேம்சர்வரை மாற்றுபவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. `.com` பெயர்களின் நேம்சர்வர் விவரத்துக்கு மேல்மட்டத்தில் தரப்பட்டிருக்கும் நினைவுக் காலம் 172800 வினாடிகள். அதாவது சரியாக இரண்டு நாட்கள். நாம் நேம்சர்வரைத் தொடவில்லை. நம்முடைய வரிகளுக்கு 300 வினாடி என்று நாமே எழுதியிருக்கிறோம். அதனால் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் மாறிவிட வேண்டும்.

மாறவில்லையென்றால், தவறு நம்முடையதா, வெறும் காத்திருப்பா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முதல் படியில் குறித்துவைத்த நேம்சர்வரையே நேரடியாகக் கேளுங்கள்:

```
nslookup -type=a example.com ns1.registrar.example
nslookup -type=a example.com 1.1.1.1
nslookup -type=aaaa example.com 1.1.1.1
nslookup www.example.com 1.1.1.1
```

முதல் வரியில் கடைசியாக இருப்பது உங்கள் நேம்சர்வரின் பெயர். அது எதையும் பிறரிடம் கேட்டு நினைவில் வைத்துச் சொல்வதில்லை. தன்னிடம் எழுதியிருப்பதையே சொல்லும். மற்ற வரிகளில் உள்ள `1.1.1.1`, பிறரிடம் கேட்டு நினைவில் வைத்துச் சொல்லும் ஒரு பொதுச் சேவை; அதை அப்படியே எழுதுங்கள். அங்கே புதிய எண் வந்து, இரண்டாம் வரியில் பழைய எண் வந்தால் எல்லாம் சரி. பழைய நினைவு மறையக் காத்திருந்தால் போதும். நேம்சர்வரே பழைய எண்ணைச் சொன்னால் எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்தவில்லை, அல்லது வேறு நிறுவனத்தின் பக்கத்தில் எழுதிவிட்டீர்கள், அல்லது திருப்பிவிடும் ஏற்பாடு இன்னும் இயங்குகிறது என்று பொருள். இந்த ஒரே சோதனை தோழிக்கும் எனக்கும் ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தியது. அவளுடைய பிரவுசர் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நேம்சர்வரோ புதிய எண்ணைச் சொன்னது. பதிவுகளில் மேற்கொண்டு கை வைக்காமல் விட்டோம். சிறிது நேரத்தில் தளம் திறந்தது.

எந்த எண்ணும் வராமல் பிழைச் செய்தி மட்டும் வந்தால், டொமைன் புதிதாக வாங்கியதா என்று பாருங்கள். `.com` போன்ற பொதுப் பெயர்களில், பதிந்தவரின் மின்னஞ்சலை 15 நாட்களுக்குள் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி உண்டு. அந்த உறுதிசெய்யும் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டால் டொமைன் முடக்கப்படலாம். பழைய அஞ்சல்களில் அதைத் தேடி எடுத்து, இணைப்பை அழுத்தினால் மீண்டும் உயிர் பெறும்.

ஆறாம் படி: பூட்டுக்குறியும் முதன்மைப் பெயரும்

எண்கள் சரியாக வந்த பிறகு பில்டரின் திரைக்குத் திரும்பி Verify பொத்தானை அழுத்துங்கள். பெயர் தன் கணினியைச் சுட்டுவதைக் கண்ட பிறகுதான் பில்டர் உங்கள் டொமைனுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும். அதுவரை பிரவுசர் பாதுகாப்பற்ற தளம் என்று எச்சரிக்கும்; இதைக் கண்டு பதிவுகளைக் கலைத்துவிடாதீர்கள். சில நிமிடங்களிலோ சில மணி நேரங்களிலோ எச்சரிக்கை போய்விடும்.

ஒரு நாள் கடந்தும் போகவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். நீக்காமல் விட்ட `AAAA` வரி ஒன்று. சான்றிதழ் வழங்குபவர் உங்கள் பெயரைச் சோதிக்கும்போது அதன் வழியாகப் பழைய கணினிக்குப் போய்விடுவார். மற்றொன்று `CAA` என்ற வரி. இந்த டொமைனுக்கு யார் யார் சான்றிதழ் தரலாம் என்று அது கட்டுப்படுத்தும். பில்டர் பயன்படுத்தும் நிறுவனம் அதில் இல்லையென்றால் சான்றிதழ் கிடைக்காது. அப்படி ஒரு வரி இருந்தால் பில்டரின் உதவிப் பிரிவிடம் எந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

பிறகு `www` உள்ளதா, இல்லாததா, எது முதன்மை என்று பில்டரில் தேர்ந்தெடுங்கள். மற்றொன்று தானாகவே அதற்குத் திரும்பும். இரண்டையும் தட்டிப் பாருங்கள், செல்பேசி இணைப்பிலும் ஒரு முறை பாருங்கள். வெளியிலுள்ள வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஓர் அஞ்சல் அனுப்பி, அது வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சில பில்டர்களில் நேம்சர்வர் முறையைத் தவிர வேறு வழி இருக்காது. அப்போது வரிசைதான் முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள `MX`, `TXT` வரிகள் அனைத்தையும் பில்டரின் பதிவுப் பக்கத்தில் முதலில் எழுதுங்கள். அதன் பிறகே நேம்சர்வரை மாற்றுங்கள். அங்கே அஞ்சல் வரிகளை எழுத இடமே இல்லையென்றால் அந்தப் பெயரில் அஞ்சல் வைத்திருப்பவர்கள் மாற்றவே கூடாது. டொமைன் வாங்கிய கணக்கில் DNSSEC இயக்கத்தில் இருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து மாற்றுங்கள். அது பழைய நேம்சர்வரின் கையொப்பத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்; புதிய நேம்சர்வரின் விடைகளைப் போலி என்று கருதி ஒதுக்கிவிடும். பலருக்குத் தளமும் அஞ்சலும் ஒரே நேரத்தில் மறைந்துபோவது இப்படித்தான்.

எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, 300 என்று குறைத்த வரிகளை மறுபடி 3600 ஆக்கிவிடுங்கள். இனி உங்களுக்கு இரண்டு நிறுவனங்களில் இரண்டு கட்டணங்கள், இரண்டு புதுப்பிப்புத் தேதிகள். பில்டருக்குப் பணம் கட்டுவதால் டொமைன் புதுப்பிக்கப்படாது. டொமைன் வாங்கிய கணக்கில் தானியங்கிப் புதுப்பிப்பு இயக்கத்தில் உள்ளதா, அங்குள்ள அட்டை காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நினைவூட்டல் கடிதங்கள் போகும் முகவரியும் இதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் அதோடு நின்றுவிடும்.